நேயர் வருகையா, இருப்பா, நடமாட்டமா? ஒரு கலைச்சொல் தேவை

காரைக்குடியிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பக்கம் யூடியூப் சேனல் நடத்துகிறவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகாரம் செய்து காட்டும் ஆச்சிகள், கண்டாங்கிச் சேலை நெய்பவர்கள், பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் பையன்கள் எனப் பலரும் கேட்டதால் தொடங்கிய வேலை. ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் பகுதிக்குப் போனால் When your viewers are on YouTube என்ற தலைப்பில் ஒரு படம் இருக்கும். வாரத்தின் ஏழு நாளுக்கும் மணிக்கு ஒன்றாக ஊதா நிறப் பட்டைகள். நிறம் அடர்ந்தால் ஆள் அதிகம், வெளிறினால் குறைவு. கடந்த 28 நாள் கணக்கு. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வீடியோ விடலாம் என்று எல்லோரும் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதற்குத் தமிழில் 'நேயர் வருகை நேரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனசுக்கு ஒட்டவில்லை. உங்கள் யோசனை வேண்டும்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்:

அண்ணா, 'உச்சநேரம்' என்று வைத்துவிடலாமே! மின்சாரத்துக்கு அப்படித்தான் சொல்கிறோம், எல்லோருக்கும் உடனே புரியும். நம் வீடியோக்களை மக்கள் அதிகமாகப் பார்க்கும் நேரத்தைத்தான் அந்தப் படம் காட்டுகிறது. எது மிக அடர்ந்த பட்டையோ, அந்த மணிக்குச் சரியாக விட வேண்டியதுதான். என் நண்பன் அப்படித்தான் ஞாயிறு இரவு 9 மணிக்கு விடுகிறான்.

தேவகோட்டையிலிருந்து, வீடியோ எடிட்டர்:

தம்பி சொன்னதில் பாதி சரி. அடர்ந்த பட்டையில் ஆள் அதிகம் என்பது உண்மை. ஆனால் அவர்கள் நம் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அந்தப் படம் சொல்லவில்லை. நம் சேனலைப் பார்க்கிறவர்கள் யூடியூபில் எங்கேயோ இருந்தார்கள், அவ்வளவுதான். பாட்டுக் கேட்டிருக்கலாம், கிரிக்கெட் பார்த்திருக்கலாம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து எல்லோரும் வந்து இறங்கிவிட்டார்கள், ஊரில் இருக்கிறார்கள். அதற்காக நம் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று ஆகாது. 'வருகை' என்ற சொல் ஒட்டாமல் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

'உச்சநேரம்' எனக்கு வேறு வகையில் உறுத்துகிறது. படத்தில் வாரத்தின் 168 மணி நேரமும் இருக்கிறது. அதில் உச்சத்தை மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பட்டை அடரத் தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இரவு 9 மணிப் பட்டை மிக அடர்த்தி என்றால், நான் 7 மணிக்கு வெளியிடச் சொல்வேன். அறிவிப்பு போய், முதலில் சிலர் பார்த்து, பிறகு மற்றவர்களின் முகப்புப் பக்கத்தில் வீடியோ தோன்ற நேரம் எடுக்கும். 9 மணிக்கே வெளியிட்டால் அது பரவுவதற்குள் பாதிப் பேர் தூங்கப் போயிருப்பார்கள்.

'நேயர் இருப்பு நேரம்' என்றால் என்ன?

ஆத்தங்குடியிலிருந்து, டைல்ஸ் பட்டறை:

வணக்கம். 'இருப்பு' என்றதும் எனக்குச் சரக்கு இருப்புதான் ஞாபகம் வந்தது. பட்டறையில் காலையில் கேட்கும் முதல் கேள்வியே "இருப்பு எவ்வளவு" என்பதுதான். அந்தச் சொல் வேண்டாமே.

எந்த நேரத்தில் அப்லோட் செய்யலாம் என்ற கேள்விக்கு என் அனுபவம் இது. நான் இரவு 1 மணிக்குத்தான் ஏற்றுவேன். பகலில் நெட் இழுக்காது. போன மாதம் கண்ணாடிப் பலகை மேல் வண்ணம் ஊற்றுவதை மிக அருகில் வைத்து 4கே-யில் எடுத்தேன். அச்சுக்குள் பச்சையும் மஞ்சளும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பது அவ்வளவு தெளிவாக வந்திருந்தது. ஏற்றி முடித்ததும் பொதுவில் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால், "படம் மங்கலாக இருக்கிறது, வண்ணமே தெரியவில்லை" என்று கருத்துகள். நெட் வேகத்தில் கோளாறு என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் ஊதாப் படம் என் சேனலுக்கு வரவே இல்லை. போதிய தகவல் இல்லை என்று மட்டும் காட்டுகிறது.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, உங்கள் நெட்டின் மேல் தவறில்லை. ஏற்றியவுடன் யூடியூப் முதலில் குறைந்த தரத்தில்தான் வீடியோவைத் தயார் செய்யும். உயர்தரப் பதிப்பு பிறகு வரும், 4கே அதற்கும் பிறகு. இடைப்பட்ட நேரத்தில் பார்த்தவர்களுக்கு மங்கலான படம் கிடைத்திருக்கிறது. இரவு 1 மணிக்கே ஏற்றுங்கள், ஆனால் தனிப்பட்டதாக வைத்து, நேரம் குறித்துவிடுங்கள். மறுநாள் மாலை அது தானாக வெளியாகும். அதற்குள் எல்லாத் தரமும் தயாராகியிருக்கும்.

இவர் சொன்னதிலிருந்து நம் சொல் விவாதத்துக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது. 'பதிவேற்ற நேரம்' என்று கையேட்டில் எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்களோ, அங்கெல்லாம் 'வெளியீட்டு நேரம்' என்று மாற்றுங்கள். ஏற்றுவது நம் வசதி, வெளியிடுவது பார்ப்பவர் வசதி. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால்தான் அண்ணனுக்கு இப்படி நடந்தது.

படம் வராததற்குக் காரணம், பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை. இப்போதைக்குக் கடைசி 48 மணி நேரத்தின் நேரலைக் கணக்கைப் பாருங்கள். அதில் மணிவாரியாகப் பார்வைகள் இருக்கும். அது நிஜமாகவே நம் வீட்டுக்கு வந்தவர்கள் கணக்கு. ஆனால் நீங்கள் எப்போது வெளியிட்டீர்களோ அதை ஒட்டியே அது ஏறும் என்பதை மறக்க வேண்டாம். வெளியிட்டு நான்கு நாள் கழித்துப் பார்த்தால் ஓரளவு நம்பலாம்.

சிங்கப்பூரிலிருந்து (சொந்த ஊர் பள்ளத்தூர்):

நீங்கள் எல்லோரும் ஊதாப் படத்தை ஒரே ஊர் போலப் பேசுகிறீர்கள். அந்தப் படம் சேனல்காரர் இருக்கும் இடத்தின் கடிகாரத்தில் வருகிறது. காரைக்குடியில் திறந்தால் இந்திய நேரம். நாங்கள் அதில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. எங்கள் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் இரவு 8 மணிக்கு வெளியிட்டால் இங்கே பத்தரை. மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் அப்போது பணியாரம் செய்வதைப் பார்க்க உட்கார மாட்டோம்.

பிள்ளையார் நோன்புக்கு இழை மாவு எப்படிப் பிசைவது என்று நான் தேடியது நோன்புக்கு மூன்று நாள் முன்னால். அன்று பார்த்த நேரமும் வழக்கமாகப் பார்க்கும் நேரமும் ஒன்றல்ல. போன 28 நாளை வைத்து இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சொல் பற்றி: 'நேயர்' அழகான சொல். வானொலியோடு வளர்ந்தவள் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

காரைக்குடியிலிருந்து:

ஆச்சி, நீங்கள் சொன்னது என் பெரியாத்தா சேனலுக்கு அப்படியே பொருந்துகிறது. அவர்கள் பலகாரம்தான் போடுகிறார்கள். எங்கள் படத்தில் மாலை 5 மணிக்கு ஒரு சின்ன மேடு, இரவு 8-லிருந்து 10 வரை பெரிய மேடு. சின்ன மேட்டை நான் பொருட்படுத்தவே இல்லை. நாடுவாரிக் கணக்கைத் திறந்து பார்த்தேன்: பார்வையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிங்கப்பூரும் மலேசியாவும். அந்த மேடு அவர்களுடையதாக இருக்கலாம். மாலை 5:30-க்கு வெளியிட்டால் அங்கே 8 மணி, இங்கே பெரிய மேட்டுக்கும் இரண்டரை மணி முந்தியாகிறது. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படிச் செய்து பார்க்கப்போகிறோம்.

ஒரு சந்தேகம். ஜூலையில் ஒரு ஞாயிறு காலை 10 மணிக்கு வெள்ளைப் பணியாரம் வீடியோ விட்டோம். தேதிவாரிப் பட்டியலில் முதல் நாள் பார்வை மிகவும் குறைவு. அதற்கு முந்திய வாரம் சனி இரவு 7 மணிக்கு விட்டதற்கு முதல் நாளில் அதைப்போல ஐந்து மடங்கு. காலை நேரமே ஆகாது என்று பெரியாத்தா முடிவு கட்டிவிட்டார்கள். அது சரியா?

தேவகோட்டையிலிருந்து:

இல்லை. யூடியூபின் தேதி நம் தேதி அல்ல. தேதிவாரிக் கணக்கு அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி. ஜூலையில் அவர்களுடைய நள்ளிரவு நமக்குப் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. நீங்கள் ஞாயிறு காலை 10-க்கு விட்டது அவர்கள் கணக்கில் சனிக்கிழமை. அந்த 'முதல் நாள்' உங்கள் வீடியோவுக்கு இரண்டரை மணி நேரம்தான் இருந்தது. சனி இரவு 7-க்கு விட்டதற்குப் பதினேழரை மணி நேரம் கிடைத்தது. ஐந்து மடங்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் வெளியான நிமிடத்திலிருந்து முதல் 24 மணி நேரத்தை எடுங்கள். ஸ்டுடியோ முகப்பில் கடைசிப் பத்து வீடியோக்களில் இது எத்தனையாவது என்று காட்டுமே, அது அப்படித்தான் ஒப்பிடுகிறது. ஒரே வாரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரம் வெள்ளி 5:30, மறுவாரம் சனி 7 என்று மாற்றி மாற்றி எட்டு வாரம் விடுங்கள். ஒரு பக்கம் கறிக்குழம்பு, மறுபக்கம் சீயம் என்று இல்லாமல் பலகாரமாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் நேரத்தைச் சோதித்தோமா, பலகாரத்தைச் சோதித்தோமா என்று தெரியாது.

இன்னொன்றையும் பெரியாத்தாவிடம் சொல்லுங்கள். வெளியீட்டு நேரம் ஒரு வீடியோவின் நீண்ட கால ஓட்டத்தை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. பணியாரம் எப்படிச் செய்வது என்று தேடி வருகிறவர் ஆறு மாதம் கழித்தும் வருவார். முதல் நாளின் வித்தியாசம் மாத முடிவில் மறைந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரலைக்கும் பிரீமியருக்கும் அப்படி இல்லை, அந்த நேரத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். நோன்பு, தீபாவளி வீடியோக்களுக்கு மணியைவிட நாள்தான் முக்கியம். சிங்கப்பூர் ஆச்சி கேட்டதற்கு ஊதாப் படத்தில் பதில் கிடையாது. போன வருட நோன்பு வீடியோவின் பார்வை எந்தத் தேதியிலிருந்து ஏறியது என்று பார்த்து, அதற்கு நான்கைந்து நாள் முன்னால் விடலாம்.

ஆத்தங்குடியிலிருந்து:

நேரம் குறித்து வைத்துவிட்டேன், நன்றி. சொல்லுக்கு ஒரு யோசனை. கடை திறப்பதற்கு முன் தெருவில் ஆள் நடமாட்டம் எப்படி என்று பார்ப்போம். நடமாடுகிறவன் எல்லாம் நம் கடைக்கு வருகிறவன் இல்லை. ஆனால் நடமாட்டம் இல்லாத நேரத்தில் திறந்து பயனில்லை. 'நடமாட்டம்' என்று சொல்லலாமா?

தேவகோட்டையிலிருந்து:

நான் தேடிய சொல் இதுதான்! 'நேயர் நடமாட்டம்'. வருகையும் இல்லை, இருப்பும் இல்லை. நம்முடைய நேயர், ஆனால் பொதுத் தெருவில்.

கல்லூரி மாணவர்:

வருகை என்று நினைத்தது என் தவறுதான் அண்ணா. ஆனால் அடர்ந்த பட்டைக்குத் தனியாக ஒரு சொல் வேண்டாமா? சந்தை கூடுகிறது என்போமே, 'கூடுபொழுது' எப்படி? இன்னொன்று, 'நேயர்' என்றால் என் வயசுக்காரர்களுக்கு வானொலிதான். 'பார்வையாளர் நடமாட்டம்' என்று இருக்கட்டும்.

காரைக்குடியிலிருந்து:

'நேயர் நடமாட்டம்', 'வெளியீட்டு நேரம்' இரண்டையும் கையேட்டில் ஏற்றிவிட்டேன். 'பார்வையாளர்' நீளமாக இருக்கிறது, படத்தின் தலைப்பில் அடங்காது. அதனால் இப்போதைக்கு 'நேயர்'. தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான் என்று தெரியும். 'கூடுபொழுது' கேட்க நன்றாக இருக்கிறது. உச்சத்தைப் பார்க்காதே என்று சொல்லும் கையேட்டில் உச்சத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் வைக்கலாமா என்றுதான் தயங்குகிறேன். பட்டை அடரத் தொடங்கும் அந்த இடத்துக்கும் ஒரு சொல் இருந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துவிடுவேன். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

வெள்ளி 5:30 என்றால் இந்த வாரமா, அடுத்த வாரமா?