நம்ம குடும்பம் (குழு): வளைகாப்பும் வெள்ளைக் கையும்

மீனா: ஞாயிறு காலை 9.30க்கு பிரியா வளைகாப்பு. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு 🙏 போடுங்கள். இலைக்கு எண்ண வேண்டும்.

பாபு மாமா: 🙏🏻

லதா அத்தை: 🙏

ரேவதி: 🙏🏽

லதா அத்தை: என்னங்க, உங்கள் கை மட்டும் ஏன் வெள்ளை வெளேரென்று?

பாபு மாமா: தெரியலை. நேற்று பேரன் போனை நோண்டினான்.

லதா அத்தை: பெண் பார்க்க வந்த அன்றே இவர் முகத்தில் அரை டப்பா பவுடர்.

மீனா: அண்ணி, இலைக் கணக்கு.

கார்த்தி: மாமா, அவன் கையை அழுத்திப் பிடித்திருப்பான். எமோஜியைத் தட்டாமல் ஒரு நொடி அழுத்தினால் மேலே ஆறு கை வரும். மஞ்சள் ஒன்று, மற்ற நிறம் ஐந்து. கடைசியாகத் தொட்டது அப்படியே நிலைத்துவிடும். மறுபடி அழுத்தி மஞ்சளைத் தொடுங்கள், சரியாகிவிடும்.

பாபு மாமா: ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறிவிடும்தானே?

கார்த்தி: பெரும்பாலான கீபோர்டில் அப்படி இல்லை. 🙏 தனி, 👍 தனி, 👏 தனி. அடிக்கடி போடுகிற நாலைந்தை ஒருமுறை வைத்துவிட்டால் போதும். 😂 ❤️ இரண்டுக்கும் நிறமே கிடையாது, அழுத்திப் பயனில்லை.

பெரியப்பா: இந்த ஐந்து நிறமும் 2015ல் வந்தவை. தோல் மருத்துவர்கள் வெயிலில் தோல் எப்படிக் கறுக்கும் என்று பார்க்க வைத்திருக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலிலிருந்து எடுத்தார்கள். அதில் ஆறு வகை. முதல் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள்.

ரேவதி: அந்த அளவுகோலில் "நிறம் கொஞ்சம் கம்மி" எத்தனையாவது, பெரியப்பா? என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அத்தைதான் சொன்னார்கள்.

லதா அத்தை: அதை இன்னும் விடவில்லையா நீ

மீனா: ரேவதி!!

பாபு மாமா: மாற்றினேன் கார்த்தி. இப்போது 🙏🏻 மறுபடி வெள்ளை.

கார்த்தி: எங்கே மாற்றினீர்கள்? டைப் செய்கிற பெட்டிக்குள் இடது ஓரம் ஒரு சிரிப்பு முகம் இருக்கும். அது வாட்ஸ்அப்பின் சொந்தப் பெட்டி. கீபோர்டுக்குள் இருக்கும் முகம் வேறு. ஆண்ட்ராய்டில் ஒன்றில் வைத்தது மற்றதற்குத் தெரியாது. எதிலிருந்து போடுகிறீர்களோ அதிலேயே மாற்றுங்கள்.

பாபு மாமா: 🙏 வந்தாச்சு

லதா அத்தை: எனக்கு ஆறு கை வரவில்லை. அழுத்தினால் நீலமாகிறது. மேலே குப்பைத்தொட்டி வருகிறது.

கார்த்தி: அத்தை, அனுப்பியதை அழுத்தாதீர்கள்! அனுப்புவதற்கு முன்னால், எமோஜிகள் வரிசையாக இருக்கிற இடத்தில்.

லதா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: நான் வருவேன். எமோஜி போடவில்லை, எழுத்தாகவே வைத்துக்கொள்.

மீனா: அண்ணன் மூன்று 🙏 போட்டிருக்கிறார், அண்ணி போட்டது காணோம். அண்ணி வருகிறார்களா இல்லையா?

ரேவதி: அழுத்திப் பிடித்துக் கேளுங்கள் அம்மா