ரீகம்ப்ரெஷன்: மறுசுருக்கமா, மீளிறுக்கமா?

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். படத்தொகுப்பு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சமூகத்தளத்தில் படத்தை ஏற்றியதும் அவர்களே அதை மறுபடியும் ஜேபெக் ஆக்குகிறார்களே, அந்த 'ரீகம்ப்ரெஷன்' என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன். இப்போதைக்கு 'மறுசுருக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

இளங்கோ:
தாராளமாகப் போடுங்கள். இடத்தை மிச்சம் பிடிக்கச் சுருக்குகிறார்கள், அவ்வளவுதான். படத்தைப் பிஎன்ஜியாக ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அது தரம் இழக்காத வடிவம்.

பழனிச்சாமி:
பேரனின் தேர்வு விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 50 கேபிக்குள் வேண்டுமாம். அதற்கு மறுசுருக்கம் செய்தால் போதுமா?

சிவகாமி:
பழனிச்சாமி ஐயா, உங்களுக்கு ஒரே ஒரு சுருக்கம் போதும், 'மறு' வேண்டாம். மூலப்படத்திலிருந்து ஒருமுறை மட்டும் சேமியுங்கள்.

இளங்கோ, பிஎன்ஜி தரம் இழக்காது என்பதெல்லாம் அது உங்கள் கணினியில் இருக்கும்வரைதான். ஏற்றியதும் பெரும்பாலும் அதையும் ஜேபெக்காகவோ வெப்பியாகவோ மாற்றிவிடுவார்கள். காரணம் இடம் மட்டும் இல்லை. ஒரே படத்தைச் சின்ன போனுக்கும் பெரிய திரைக்கும் வெவ்வேறு அளவில் தர வேண்டும். படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்க வேண்டும். எப்படியும் பிரித்து மறுபடி எழுதத்தான் போகிறார்கள்.

மலர், 'மறுசுருக்கம்' எனக்கு உறுத்துவதற்கு ஒரு கதை இருக்கிறது. எங்கள் நூலகத்துக்கு ஒரு சுவரொட்டி செய்தேன். அகலம் 4000 பிக்சல். கரும்பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. ஏற்றிய பிறகு பார்த்தால் 'பாட்டுப் பட்டறை' என்பது 'பாடடுப படடறை' ஆகியிருந்தது. புள்ளிகளைக் காணோம்!

இறக்கிப் பார்த்தேன், அகலம் 1080. நான் 10 பிக்சலில் வைத்த புள்ளி 2.7 பிக்சலுக்கு வந்துவிட்டது. இது அளவைக் குறைத்ததால் வந்த இழப்பு. அதற்கு மேல் இன்னொன்று நடக்கிறது. ஜேபெக் வழக்கமாக வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கியும் வைக்கும். என் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். எழுத்தைக் காட்டிக்கொடுத்தது நிறம் மட்டும்தான், அதையும் பாதியாக்கியதும் புள்ளி பின்னணியில் கரைந்துவிட்டது. பச்சையில் வெள்ளை எழுத்து வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

ஆக, நடப்பது இரண்டு வேலை. 'சுருக்கம்' என்றால் படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்புவார். முதலாவதற்கு 'அளவுகுறைப்பு', இரண்டாவதற்கு 'மறு அமுக்கம்' என்பேன்.

ரவீந்திரன் (யாழ்ப்பாணம்):
அக்கா, அமுக்கம் எங்களுக்குச் சரிவராது. வளிமண்டல அமுக்கம், குருதி அமுக்கம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம், நீங்கள் அழுத்தம் என்பீர்கள். 'மீளிறுக்கம்' எப்படி?

இளங்கோ:
இறுக்கம் என்றால் எனக்கு மாமனார் முகம்தான் நினைவுக்கு வருகிறது. சரி, பிஎன்ஜி விஷயத்தில் தோற்றேன். அப்படியானால் என்னதான் செய்து ஏற்றுவது?

சிவகாமி:
அளவுகுறைப்பை அவர்களுக்கு விடாமல் நாமே செய்துவிடுவது. இன்ஸ்டாகிராம் 1080 பிக்சல் அகலம் வரை ஏற்றுக்கொள்ளும், மீறினால் குறைக்கும். அதனால் மூலக்கோப்பிலிருந்து நேராக 1080க்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு லேசாகக் கூர்மையாக்க வேண்டும். முன்பே கூர்மையாக்கினால் குறைக்கும்போது போய்விடும். ஏற்கெனவே வாட்ஸாப்பில் சுற்றி வந்த பிரதியை எடுக்காதீர்கள். அதன் 8×8 கட்டங்களின் அழுக்கு, அளவு மாறும்போது புதுக் கட்டங்களோடு பொருந்தாமல் நிற்கும். அடுத்த ஜேபெக் அதையும் படத்தின் நுணுக்கம் என்று எண்ணிக் காப்பாற்றப் பார்க்கும்.

ஏற்றும் முன் இமேஜ்மேஜிக் மென்பொருளில் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம்:

```
magick poster.png -resize 1080x -unsharp 0x0.6 -quality 92 upload.jpg
magick upload.jpg -sampling-factor 4:2:0 -quality 75 test.jpg
```

இரண்டாவது வரி தளம் செய்வதைப் போன்ற ஒன்று. அதே 75 அவர்களுடையது என்று நினைக்காதீர்கள். test.jpg கோப்பை 100% அளவில் திறந்து புள்ளிகளை மட்டும் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெளிறிய கோடு தெரிந்தால் கூர்மை கூடிவிட்டது, 0.6ஐக் குறையுங்கள். புள்ளியே மங்கினால் கூர்மையாக்கிப் பயனில்லை, எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் அல்லது நிறத்தை மாற்ற வேண்டும்.

இளங்கோ:
செய்து பார்த்தேன். என் பழைய சுவரொட்டியில் 'ஞ்' மட்டும் போய்விட்டது, மற்றவை தப்பித்தன. சொல்லுக்கு இன்னும் 'மறுசுருக்கம்' பக்கம்தான் நிற்கிறேன். மக்கள் சொல்வது அதுதான்.

மலர்விழி:
'அளவுகுறைப்பு' என்பதை யாரும் மறுக்கவில்லை, சேர்த்துவிட்டேன். மற்றதற்கு 'மீளிறுக்கம்' என்று கேள்விக்குறியோடு வைக்கிறேன். ரவி, 'இறுக்கம்' உங்கள் பாடநூலில் வேறு எதற்காவது வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்களேன்.

பழனிச்சாமி:
48 கேபி வந்தது. ஆனால் இப்போது அகலம் போதாது என்கிறது விண்ணப்பத் தளம், அம்மா. இது எந்தச் சுருக்கம்?