கலைச்சொல் வேண்டும்: +94-க்கு ஒன்று, முன்னால் வரும் 0-க்கு ஒன்று

மாலதி, சென்னை

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பதிவுத் திரையில் +94, +60, +1 என்று விரியும் பெட்டிக்கு ‘நாட்டுக் குறியீடு’ என்று போட்டேன். முகவரித் திரையில் LK, MY, CA வரும் பெட்டிக்கும் அதே பெயர் வந்துவிட்டது. எப்படிப் பிரிக்கலாம்? கைபேசி எண்ணின் முன்னால் சிலர் போடும் 0-ஐ நீக்கச் சொல்லி ஒரு பிழைச்செய்தியும் எழுத வேண்டும். அந்த 0-க்கு என்ன பெயர்?

முத்தையா, தஞ்சாவூர்

நன்னூலார் வழி காட்டியிருக்கிறார் அம்மா. LK என்பது நாட்டின் பெயரிலிருந்து வந்தது, ஆகவே காரணக்குறி. 94 வெறும் இடுகுறி. முன்னதை ‘நாட்டுக்குறி’ என்றும் பின்னதை ‘நாட்டிலக்கம்’ என்றும் சொல்லுங்கள். அந்த 0 ‘முன்னொட்டுச் சுழியம்’. பூச்சியம் வேண்டாம், வடசொல்.

குகன், டொராண்டோ

ஐயா, 94 முழு இடுகுறி இல்லை. முதல் இலக்கம் உலகப் பகுதியைக் காட்டும். இந்தியா 91, பாகிஸ்தான் 92, இலங்கை 94 எல்லாம் ஒன்பதாம் பகுதி. மலேசியா 60, சிங்கப்பூர் 65 ஆறாம் பகுதி.

எனக்கு உறுத்துவது ‘நாடு’தான். +1 கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஜமைக்காவுக்கும் பொது. அதை வைத்து ஆள் எந்த நாடு என்று சொல்ல முடியாது. ‘அழைப்பு எண்’ என்றால் என்ன?

முத்தையா

அப்படியானால் காரண இடுகுறி! அதற்கும் நன்னூலில் இடமுண்டு. ‘அழைப்பு எண்’ என்றால் என் வீட்டுத் தொலைபேசி எண்ணைத்தான் நினைப்பேன்.

ஜெயந்தன், யாழ்ப்பாணம்

எங்களுக்கு ‘தொலைபேசி இலக்கம்’ என்றால் முழு இலக்கமும்தான். ‘நாட்டிலக்கம்’ விளங்கும். ஆனால் என்னுடைய பிரச்சினை வேறை. போன மாதம் ஒரு செயலியிலை +94-ஐத் தெரிவுசெய்து 0712345678 என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது, ஓடிபி வரவேயில்லை. 0-ஐ எடுத்துவிட்டுப் போட்டால் ‘10 இலக்கம் வேண்டும்’ என்றது.

குகன்

ஜெயந்தன் அண்ணா, அது சொல் பிழையில்லை, இந்தியக் கணக்கை எல்லாருக்கும் பொருத்திய பிழை. இந்தியக் கைபேசி எண் 10 இலக்கம். இலங்கையில் 0 போக 9. ஆகவே 10 இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் செயலி தப்பானதை ஏற்று, சரியானதைத் தள்ளிவிடும்:

```
+940712345678   தவறு
+94712345678    சரி
```

சிங்கப்பூர் எண் 8 இலக்கம்தான். அங்கே உள்ளவர் பதிவே செய்ய முடியாது. மாலதி, உங்கள் நிரலாளரிடம் இந்தச் சோதனையைக் கேளுங்கள். 0-ஐச் செயலியே வெட்டிவிட்டால் பிழைச்செய்தியே தேவைப்படாது.

மாலதி

கேட்டேன். அவரும் 10 என்றுதான் வைத்திருக்கிறார்! மாற்றுகிறாராம். எல்லா நாட்டுக்கும் முன்னால் வரும் 0-ஐ வெட்டிவிடலாமா?

குகன்

கூடாது. இத்தாலியில் வீட்டுத் தொலைபேசியின் 0 எண்ணோடு சேர்ந்தது. பலேர்மோவில் நம்மவர்கள் இருக்கிறார்கள். +39 091 என்பதில் 0-ஐ எடுத்தால் இணைப்புக் கிடைக்காது. நாடுவாரியாகப் பார்க்க வேண்டும். libphonenumber என்ற நிரல்தொகுப்பு அதைச் செய்யும்.

சரோஜா, ஈப்போ

நான் பணத்தைப் பற்றிக் கேட்கிறேன். திரையில் RM 10.50 என்பதைப் ‘பத்து ரிங்கிட் ஐம்பது பைசா’ என்று எழுதிவிடாதீர்கள். இங்கே அது பத்து வெள்ளி ஐம்பது காசு.

ஜெயந்தன்

எங்களுக்குச் சதம்.

மாலதி

சிங்கப்பூரிலும் டாலரை வெள்ளி என்கிறார்களே! ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பினால் இரண்டு பக்கமும் வெள்ளியா? ரூபாய்க்கும் இதே தொல்லை.

முத்தையா

‘நாணயம்’ என்ற தலைப்பே வேண்டாம். வடமொழி ‘நாணகம்’ அது. பதிற்றுப்பத்துப் பதிகங்களில் ‘காணம்’ இருக்கிறது. காசும் நம் சொல்தான், ஆங்கிலேயரின் ‘கேஷ்’ அதிலிருந்தே போனது.

குகன்

பாதிதான் ஐயா. கீழ்நாட்டுச் சில்லறைக் காசைக் குறித்த ‘கேஷ்’ போர்ச்சுக்கீசியர் வழியாகக் காசிலிருந்து போனது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. மாலதி, தொகைக்குப் பக்கத்தில் MYR, SGD, INR, LKR என்றே காட்டுங்கள். வெள்ளி, சதம் எல்லாம் அந்தந்த நாட்டுப் பயனருக்கு வரும் வாக்கியங்களில் இருக்கட்டும்.

மாலதி

நேரமில்லை. முகவரிக்கு ‘நாடு’ என்று மட்டும் போட்டு, முழுப் பெயரைக் காட்டச் சொல்லிவிட்டேன். +94-க்கு ‘நாட்டு எண்’. ‘நாட்டிலக்கம்’ கேட்டவர்கள் மன்னிக்கவும், சென்னையில் இலக்கம் என்றால் ஒற்றை இலக்கத்தை நினைக்கிறார்கள். சுழியமா பூச்சியமா என்ற சண்டைக்கு ‘முதலில் உள்ள 0 தேவையில்லை’ என்று எண்ணாகவே எழுதிவிட்டேன். இத்தாலியைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரி வராது.

சரோஜா

வெள்ளி?

மாலதி

இந்தப் பதிப்பில் ரிங்கிட்தான் அக்கா. மலேசியாவுக்குத் தனிக் கோப்பு கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

முத்தையா

0-ஐ எண்ணாக எழுதுவதென்றால் தமிழ் எண்ணாகவே ௦ என்று எழுதலாமே? 2005 முதல் யூனிக்கோடில் இருக்கிறது.