ஒவ்வொரு மாணவரும் ஒரு புத்தகம் படித்தார்: நீங்கள் இதில் மாட்டிய கதை உண்டா?

வாசகர்_வட்டம்
எங்கள் வாசிப்புக் குழுவில் ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய செய்தி: "அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் படித்துவிட்டு வரவும்." பாதிப் பேர் ஆளுக்கு ஒன்றாகப் படித்து வந்தார்கள். மீதிப் பேர், எல்லோருக்கும் பொதுவான ஒரே புத்தகத்தின் பெயர் பிறகு வரும் என்று காத்திருந்து வெறுங்கையோடு வந்தார்கள். இரண்டு தரப்பும் அதே செய்தியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இப்படி உங்களுக்கு நடந்திருக்கிறதா?

மழைக்காலம்
எங்கள் குழுவிலும் இதே சண்டைதான். முன்னுரையை மட்டும் புரட்டிவிட்டு "படித்தேன்" என்கிறவர்களை என்ன செய்வது?

வாசகர்_வட்டம்
அது வேறு சண்டை ஐயா! புத்தகம் ஒன்றா, பலவா என்பதுதான் இங்கே கேள்வி.

நிரல்_எழுதுபவன்
எனக்கு வேலையிலேயே நடந்தது. வாடிக்கையாளர் தந்த தேவைப் பட்டியலில் ஒரு வரி: "ஒவ்வொரு கோப்பையும் ஒரு அதிகாரி சரிபார்க்க வேண்டும்." வடிவமைத்தவர் ஒரே அதிகாரி என்று எடுத்துக்கொண்டு, அவருடைய எண்ணை அமைப்புகள் அட்டவணையில் ஒரே இடத்தில் வைத்துவிட்டார். சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அந்த அதிகாரி விடுப்பில் போன அன்றுதான் எல்லாக் கோப்புகளும் அவர் பெயரில் அப்படியே தேங்கி நின்றன. அவர்கள் கேட்டது, கோப்புக்குக் கோப்பு யாராவது ஒருவர். அதாவது அந்த எண் கோப்பு அட்டவணையில், ஒவ்வொரு வரியிலும் இருந்திருக்க வேண்டும். ஒரு நெடுவரிசை எந்த அட்டவணையில் உட்கார வேண்டும் என்பதையே இந்த இரட்டை அர்த்தம் தீர்மானித்துவிட்டது.

தமிழ்ப்பித்தன்
இதெல்லாம் ஆங்கிலத்தின் தொல்லை. தமிழில் "ஐ" உருபு சேர்த்தால் தீர்ந்தது. "ஒரு புத்தகத்தைப் படித்தார்கள்" என்றால் குறிப்பிட்ட அந்த ஒன்று, "ஒரு புத்தகம் படித்தார்கள்" என்றால் ஏதோ ஒன்று.

கணக்கு_டீச்சர்
பாதி சரி. உருபு வந்தால் மனம் குறிப்பிட்ட ஒன்றை நோக்கிச் சாய்வது உண்மை. ஆனால் "ஒவ்வொரு மாணவரும் தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் படித்தார்" என்று சொல்லிப் பாருங்கள். உருபு இருக்கிறது, புத்தகமோ ஆளுக்கு ஆள் மாறுகிறது. உருபைவிட வரிசைதான் தமிழில் அதிகம் வேலை செய்கிறது. "ஒரு புத்தகத்தை ஒவ்வொரு மாணவரும் படித்தார்" என்று முன்னால் கொண்டுவந்தால், கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே புத்தகம் என்றுதான் கேட்பார்கள்.

நான் இதை வகுப்பில் சொல்லும்போது இரண்டையும் இப்படி எழுதிப் போடுவேன். x மாணவர், y புத்தகம்; ∀ என்றால் "ஒவ்வொரு", ∃ என்றால் "ஏதோ ஒன்று இருக்கிறது":

```
∀x ∃y படித்தார்(x, y)
∃y ∀x படித்தார்(x, y)
```

முதலாவதில் மாணவரை முதலில் எடுக்கிறோம், பிறகு அவருக்கான புத்தகத்தைத் தேடுகிறோம். இரண்டாவதில் புத்தகத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதை எல்லோரும் படித்தார்களா என்று பார்க்கிறோம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மூன்று மாணவர்கள், மூன்று புத்தகங்கள் என்று வையுங்கள். ஆளுக்கொன்று படித்தால் முதல் வரி மட்டும் உண்மை. மூவரும் ஒரே புத்தகத்தைப் படித்தால் இரண்டுமே உண்மை. இரண்டாவது உண்மையாகி முதலாவது பொய்யாகும் நிலைமையே கிடையாது. அப்படியானால் இரண்டாவது தனி அர்த்தமா, அல்லது முதலாவதில் தற்செயலாக அமையும் ஒரு நிலைமையா?

வாசகர்_வட்டம்
அடுத்த வாக்கியத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே? "ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் படித்தார்கள். அது நூலகத்தில் இருக்கிறது" என்றால் ஒரே புத்தகம்தானே?

கணக்கு_டீச்சர்
நல்ல சோதனை, நானும் பயன்படுத்துவேன். ஆனால் அது அந்த வாசிப்பு கிடைக்கிறது என்று காட்டுமே தவிர, இலக்கணமே அதைத் தனியாகத் தருகிறதா என்று காட்டாது. "ஒரு புத்தகம்" என்றாலே பேசுகிறவர் மனதில் குறிப்பிட்ட ஒன்று இருக்கலாம் என்று சொல்லித் தப்பிக்க இடமுண்டு.

அதனால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுவார்கள்: "ஒரு மாணவர் ஒவ்வொரு புத்தகத்தையும் படித்தார்." ஆளுக்கொன்று படித்த அதே நிலைமையில் இது உண்மையா? ஆங்கிலத்தில் இதற்கு நேரான வாக்கியத்தைக் கேட்பவர்களில் பலர், ஒவ்வொரு புத்தகத்துக்கும் யாரோ ஒருவர் இருக்கிறாரே என்று ஒப்புக்கொள்வார்கள். தமிழில் என் காதுக்கு இது பொய். ஒரே ஆள் எல்லாவற்றையும் படித்திருந்தால்தான் ஒப்புக்கொள்வேன். ஜப்பானிய மொழியைப் பற்றியும் இதையே சொல்வார்கள்: சொல் எந்த வரிசையில் வருகிறதோ, அர்த்தமும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான்.

நிரல்_எழுதுபவன்
அப்படியானால் எங்கள் வரியில் "ஒவ்வொரு கோப்பையும்" தானே முன்னால் இருந்தது? தமிழ் வரிசைப்படி எங்கள் வடிவமைப்பு தப்பு, வாடிக்கையாளர் சொன்னதுதான் சரி!

கணக்கு_டீச்சர்
ஆமாம், வரிசை அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரே ஒரு சரிபார்ப்பு அதிகாரி இருந்திருந்தால், படிக்கிறவர் வரிசையைப் பார்க்காமல் அவரைத்தான் நினைத்திருப்பார்.

தமிழ்ப்பித்தன்
எனக்கு அந்தத் திருப்பிப் போட்ட வாக்கியம் அவ்வளவு பொய்யாகத் தோன்றவில்லை. "ஒவ்வொரு" என்பதை அழுத்திச் சொன்னால் மற்ற அர்த்தமும் வருகிறது. அப்புறம் இதற்கும் பதில் சொல்லுங்கள்: "எல்லோரும் வரவில்லை" என்றால் ஒருவர்கூட வரவில்லையா, சிலர் வரவில்லையா?

மழைக்காலம்
எங்கள் வீட்டில் சிலர் வரவில்லை என்று அர்த்தம்.

வாசகர்_வட்டம்
எனக்கு ஒருவரும் வரவில்லை என்றுதான் முதலில் கேட்கிறது. "எல்லோரும்" என்பதை இழுத்துச் சொன்னால் மாறிவிடுகிறது.