மேலே போன தண்ணீர் இறங்கவே இல்லை: சைஃபன் கோப்பி அனுபவங்கள்

கொக்குவில் தம்பி
கனடாவில் இருந்து வந்த மச்சான் சைஃபன் ஒன்று கொண்டு வந்து தந்தான். கீழே உருண்டைக் குடுவை, மேலே வாய் அகன்ற கண்ணாடி, அதன் அடியில் துணி வடி, அங்கிருந்து குடுவைக்குள் இறங்கும் குழாய், கழுத்தில் ரப்பர் வளையம். ஞாயிறு காலை 300 மில்லி தண்ணீர் விட்டு, எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டி, மேலே கோப்பித்தூளும் போட்டு, ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினேன். தண்ணீர் ஏறியதைப் பார்த்து மருமகள் கைதட்டினாள். விளக்கை எடுத்துப் பத்து நிமிடமாகியும் கோப்பி மேலேயே சேறு மாதிரி நின்றது. "உதைக் கரண்டியால அள்ளிக் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குப் போய்விட்டா. வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?

நல்லூர்வாசி
தண்ணீர் ஆவியாகி மேலே போய், அங்கே குளிர்ந்து திரும்பத் தண்ணீராகிறது. உங்களுடைய விளக்கு போதாது, ஆவி குறைவு.

ஆய்வுகூடத்து அண்ணை
ஆவி முக்கியம் என்பது சரி. ஆனால் மேலே போவது ஆவி அல்ல, தண்ணீர்தான். குழாயின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. குடுவைக்குள் தண்ணீருக்கு மேலே அடைபட்ட வளியும் ஆவியும் வெளியேற வழியில்லாமல் தண்ணீரைக் கீழ்நோக்கி அமுக்க, அது குழாயால் ஏறுகிறது. இதற்குப் பெரிய அமுக்கம் தேவையில்லை. வளிமண்டலம் கிட்டத்தட்ட 10 மீற்றர் தண்ணீரைத் தாங்கும். ஒரு சாண் ஏற்ற அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

அதனால்தான் தம்பி, தண்ணீர் குளிராக இருக்கும்போதே பூட்டினால் கொதிக்க முன்பே ஏறத் தொடங்கிவிடும். நான் ஒருக்கா வெப்பமானி வைத்துப் பார்த்தேன். முதலில் மேலே வந்த தண்ணீர் 60 பாகையை ஒட்டித்தான் இருந்தது. தூள் அந்த வெதுவெதுப்பில் ஊறி வீணாகிறது. இப்போதெல்லாம் மேல்கண்ணாடியைச் சரித்து வைத்துவிட்டு, வடியிலிருந்து குடுவைக்குள் தொங்கும் சங்கிலியிலிருந்து குமிழிகள் விடாமல் வரும்போதுதான் நிமிர்த்தி அழுத்துகிறேன். தண்ணீர் ஏறி முடிந்த பிறகு தூள்.

இறங்குவது அதன் மறுபக்கம். விளக்கை எடுத்ததும் குடுவைக்குள் உள்ள ஆவி ஒடுங்குகிறது, உள்ளே அமுக்கம் விழுகிறது, வெளியே உள்ள வளி கோப்பியை வடியூடாகக் கீழே தள்ளுகிறது.

சாவகச்சேரி ஐயா
எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைக் கழுவும்போது குழாயை வாயால் உறிஞ்சி விட்டால் கடைசிவரை தானாக ஓடும். இதற்கும் வாயால் உறிஞ்ச வேண்டுமோ?

ஆய்வுகூடத்து அண்ணை
வேண்டாம் ஐயா, வாய் வெந்து போகும்! பெயர் மட்டும்தான் ஒன்று. தாங்கியில் குழாயின் வெளிநுனி தாழ்வாக இருப்பதால் தண்ணீர் ஓடுகிறது, இங்கே சூடும் குளிரும்தான் வேலை செய்கின்றன.

திருநெல்வேலி அக்கா
தம்பி என்ன தூள் போட்டவர்? மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த வீட்டுத்தூள் என்றால் அங்கேதான் பிழை. மா மாதிரித் தூள் வடித்துணியில் அப்பிக்கொண்டு வழியை அடைத்துவிடும். சீனியளவு கரகரப்பு வேண்டும். 300 மில்லிக்கு நான் 20 கிராம் போடுவேன், ஒரு நிமிடத்தில் விளக்கை எடுத்துவிடுவேன்.

ரப்பர் வளையத்தால் வளி கசிந்தாலும் இறங்காது என்று நினைக்க வேண்டாம், சொட்டுச் சொட்டாக இறங்கும். கசிவென்றால் ஏறும்போதே கழுத்தில் "உஸ்" என்று கேட்கும், தண்ணீரும் ஒழுங்காக ஏறாது. உங்களுக்கு நன்றாக ஏறியிருக்கிறது, ஆக அடைப்புத்தான். அடுத்த முறை அடைத்தால் வடியின் ஓரத்தை மூங்கில் குச்சியால் மெல்லக் கிளறிவிடுங்கோ. சரியாக இறங்கினால் கடைசியில் கொறகொறவென்று வளி இழுபட்டு நுரை வரும்.

என்னுடைய முதல் குடுவை வெடித்ததும் சொல்ல வேண்டும். எல்லாம் ஏறின பிறகும் குழாய் நுனிக்குக் கீழே கொஞ்சத் தண்ணீர் நிற்கும். ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்ததில் அது வற்றி, வெறுங் கண்ணாடி சூடாகிவிட்டது. ஈரத்துணியைக் கொண்டு போய் வைத்தேன், கீறல் விழுந்தது.

நல்லூர்வாசி
ஈரத்துணி வைத்தால் கெதியாக இறங்கும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே?

திருநெல்வேலி அக்கா
தண்ணீர் இருக்கும்போது, விளக்கை எடுத்த பிறகு, பிழிந்த துணியென்றால் சிலர் செய்கிறார்கள். எனக்கு இப்பவும் பயம். தானாக இறங்கட்டும்.

ஆய்வுகூடத்து அண்ணை
நான் வைப்பேன். இதுவரை ஒன்றும் வெடிக்கவில்லை.

கொக்குவில் தம்பி
அக்கா, சுக்குத்தூள்தான்! நேற்றுப் பெரிதாக அரைத்து, அண்ணை சொன்ன மாதிரிச் சரித்து வைத்துச் செய்தேன். ஒரு நிமிடத்துக்குள் இறங்கிக் கொறகொறத்தது. குடுவைக்குள் வெள்ளையாக ஒரு படை மட்டும் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர்தான் பாவித்தேன்.

திருநெல்வேலி அக்கா
அது சுண்ணாம்பு. தேசிக்காய்ப்புளி விட்டு ஊற வையுங்கோ. அம்மா குடித்தவவோ?

கொக்குவில் தம்பி
ஒரு மிடறு. "மல்லி மணம் எங்க?" என்று கேட்டா.