சந்தேகம்: சீன மெனுவைப் படமெடுத்தால் கோழி தாராவாகிறது, மாட்டிறைச்சி ‘நண்பகல் இறைச்சி’யாகிறது

கணக்குப்பிள்ளை:
கொள்ளுப்பிட்டியில் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சீன உணவகம் இருக்கிறது. சாப்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். மெனு முழுவதும் சீன எழுத்து. ஆங்கிலம் மருந்துக்கும் இல்லை. மாத முடிவில் எங்கள் பிரிவினர் எல்லோரும் அங்கே போகிறோம். ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், இருவர் சுத்த சைவம். எனவே முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சக ஊழியர் ஒருவர் மெனுவை இரண்டு முறை படமெடுத்துக் குழுவில் அனுப்பினார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஒரு வரி ‘நண்பகல் இறைச்சி’ என்று வருகிறது. இன்னொரு வரி முதல் படத்தில் கோழி, அடுத்த படத்தில் தாரா!

மெனு ஏ3 அளவு, லமினேட் செய்த ஒரே தாள். மேசைக்கு நேர் மேலே குழல் விளக்கு. கைபேசி 12 மெகாபிக்சல், மோசமில்லை. மதிய நெரிசலில் ஒவ்வொரு வரியாகப் பரிமாறுபவரிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. படத்தை எப்படி எடுத்தால் பெயர்கள் சரியாக வாசிக்கப்படும்?

நளபாகம்:
உணவுப் படத்துக்குச் சன்னல் ஓர மேசைதான் சிறந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும், தட்டை மேலிருந்து எடுக்கவேண்டாம், ஆவி பறக்கும்போதே எடுத்துவிடுங்கள். மஞ்சள் விளக்கில் எடுத்தால் சோறு பழையசோறு போலத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, நான் கேட்டது உணவைப் படமெடுப்பது பற்றியல்ல, மெனுவை. ஆனால் சன்னல் ஓர யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.

கடலோரம்:
இதற்கு எளிய வழி இருக்கிறது. ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலி ஒன்றைப் போட்டுக் கறுப்பு வெள்ளை வடிகட்டியில் எடுங்கள். தாளின் கோணல் தானாகவே நேராகிவிடும், பின்னணி வெள்ளையாகிவிடும், எழுத்து மட்டும் பளிச்சென்று நிற்கும். வங்கிப் பத்திரங்களுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன்.

அச்சுக்கூடத்தார்:
கடலோரம் சொன்னதில் கோணலை நேராக்குவது மட்டும் சரி. கறுப்பு வெள்ளை வடிகட்டி சீன எழுத்துக்கு ஆகாது. அது ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று வெட்டிவிடுகிறது. நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெல்லிய கோடுகள் காணாமல் போகும். தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு கோடு போனாலும் சொல்லை ஊகிக்கலாம். இங்கே ஒரு கோடு போனால் வேறு எழுத்து. நேராக்கிக்கொள்ளுங்கள், ஆனால் வண்ணப் படமாகவே சேமியுங்கள்.

தம்பி, உங்கள் இரண்டு பிழைகளுக்கும் காரணம் வேறு வேறு என்று நினைக்கிறேன்.

முதலில் தாரா. கோழிக்கு 鸡, தாராவுக்கு 鸭. இரண்டிலும் வலப்பாதி ஒன்றேதான். இடப்பாதியில்தான் வேறுபாடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ3 தாளின் நீளம் 420 மில்லிமீட்டர். 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கம் சுமார் 4000 புள்ளிகள். முழுத் தாளையும் ஒரே படத்தில் அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்பது புள்ளிகளுக்குச் சற்று மேல் கிடைக்கும். 4 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 38 புள்ளிகள், அது போதும். ஆனால் சக ஊழியர் குழுவில் அனுப்பினார் என்கிறீர்கள். செய்திச் செயலிகள் படத்தைச் சாதாரணமாக அனுப்பும்போது சுருக்கிவிடும். நீளப் பக்கம் 1600 ஆகிவிட்டால் அதே எழுத்துக்கு 15 புள்ளிகள்தான். 鸭 எழுதப் பத்துக் கோடுகள் வேண்டும். அந்த இடத்துக்குள் இடப்பாதி ஒரு கறைபோல நிற்கும். செயலி ஏதோ ஒரு பறவையைத் தேர்ந்துகொள்ளும்.

ஆகவே தாளை நாலு காலாகப் பிரித்துத் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். ஓரங்கள் சற்று மேற்படியட்டும். இல்லாவிட்டால் எல்லையில் உள்ள வரி பாதியில் வெட்டுப்படும். அனுப்பும்போது படமாக அல்லாமல் கோப்பாக அனுப்பவேண்டும். வந்த படத்தின் விபரத்தில் நீளப் பக்கம் இன்னும் 4000 அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் சோதனை.

மிக நெருங்கிப் போகவும் வேண்டாம். கைபேசியைத் தாளோடு ஒட்டினாற்போல் பிடித்தால் பலவற்றில் குவியம் நடுவில் மட்டும் நிற்கும், ஓரம் மங்கும், கைபேசியின் நிழலும் விழும். ஒரு முழம் தள்ளி நின்று, கைபேசியில் இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துவது நல்லது.

கணக்குப்பிள்ளை:
பார்த்தேன், 1600 தான்! சரி, நண்பகல் இறைச்சி?

அச்சுக்கூடத்தார்:
அது விளக்கின் வேலை. மாட்டுக்கு 牛, நண்பகலுக்கு 午. நடுக்கோடு மேலே தலைநீட்டினால் மாடு, நீட்டாவிட்டால் நண்பகல். லமினேட் தாளில் குழல் விளக்கின் வெள்ளைப் பட்டை அந்தத் தலையின் மேல் விழுந்தால் எத்தனை மெகாபிக்சல் இருந்தும் பயனில்லை. அழிந்தது அழிந்ததுதான். பிரகாசத்தைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தாலும் அது திரும்ப வராது.

தாளை மேசையில் படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் தலைக்கு மேல் உள்ள விளக்கு நேராகக் கமராவுக்குள் தெறிக்கும். தாளைச் சுவரிலோ தண்ணீர்ப் போத்தலிலோ சாய்த்து நிறுத்துங்கள். கைபேசியும் தாளுக்கு நேரெதிரே, அதே சாய்வில் இருக்கட்டும். அப்போது தாள் விளக்கை அல்ல, உங்களைத்தான் பிரதிபலிக்கும். அதனால் படமெடுப்பவர் கறுத்த நிறச் சட்டை போட்டிருந்தால் நல்லது. வெள்ளைச் சட்டையும் ஒரு வெளிறிய மூட்டமாகத் தாளில் தெரியும். பிளாஷை அணைத்துவிடுங்கள். இருட்டாக இருக்கிறது என்று அதைப் போட்டால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு நிச்சயம்.

எப்படிச் செய்தாலும் எங்கோ ஒரு பட்டை தங்கிவிட்டால், தாளைச் சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். எழுத்து அசையாது, பளபளப்பு இடம் மாறும். ஒன்றில் மறைந்த வரி மற்றதில் தெரியும்.

கொட்டாஞ்சேனை:
எனக்கு ஜப்பானிய மெனுவில் இதே தலைவலி. எழுத்துகள் மேலிருந்து கீழாக, வரிசைகள் வலமிருந்து இடமாக. செயலி குறுக்காக வாசித்து நாலு உணவுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஐந்தாவது உணவு ஒன்றைச் சமைத்துவிடுகிறது. என்ன செய்வது?

அச்சுக்கூடத்தார்:
ஒரு வரிசையை மட்டும் விட்டு மற்றதை வெள்ளைத் தாளால் மூடி எடுத்துப் பாருங்கள். அல்லது எடுத்த படத்தை ஒவ்வொரு வரிசையாக வெட்டிக் கொடுக்கலாம். மொழியையும் கையால் தெரிவு செய்யுங்கள். தானாகக் கண்டறியும்படி விட்டால், இரண்டு மூன்று எழுத்துகளே உள்ள வரியைச் சீனமா ஜப்பானியமா என்று செயலி பிரித்தறியாது. கணக்குப்பிள்ளைக்கும் இது பொருந்தும். எழுத்துகள் எளிமையாக்கிய வடிவமா பழைய வடிவமா என்பதையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். கோழி 鸡 என்று இருந்தால் எளிமையாக்கியது, 雞 என்று இருந்தால் பழையது.

கொட்டாஞ்சேனை:
மூடி எடுத்தேன். அச்சிட்ட பக்கம் சரியாக வருகிறது. சுவரில் தொங்கும் மரப்பலகைகளில் தூரிகையால் எழுதியிருப்பதற்கு ஒன்றும் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
சக ஊழியர் மறுபடி போய் நாலு காலாக எடுத்துக் கோப்பாக அனுப்பினார். கோழியும் தாராவும் இப்போது நிலையாக நிற்கின்றன. நண்பகல் போய்விட்டது. ஆனால் புதிதாக ஒன்று: ‘மீன் வாசனைக் கத்தரிக்காய்’. இது வாசிப்புப் பிழையா? எங்கள் சைவக்காரர் கத்தரிக்காய் என்றால் உயிரையும் விடுவார்.

கடலோரம்:
பிழைதான். கத்தரிக்காயில் ஏது மீன்? படத்தை இன்னும் தெளிவாக எடுங்கள்.

அச்சுக்கூடத்தார்:
இல்லை, இங்கே படத்தைக் குறை சொல்லக்கூடாது. மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரியாது. செயலி வாசித்த மூல எழுத்துகளைப் படியெடுத்துப் பெரிதாக்கித் தாளோடு ஒப்பிடுங்கள். 鱼香茄子 என்று இருந்தால் வாசிப்பு சரி. அது சிச்சுவான் சமையலில் ஊறவைத்த மிளகாய், இஞ்சி, உள்ளி, சீனி, வினாகிரி சேர்த்த ஒரு சுவையின் பெயர், மீன் இல்லை. ஆனாலும் சைவக்காரருக்கு அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பல இடங்களில் அதில் கொத்திய பன்றி இறைச்சி போடுவார்கள். அதே மெனுவில் 蚂蚁上树 என்று இருந்தால் ‘எறும்பு மரமேறுகிறது’ என்று வரும். அதில் எறும்பும் இல்லை, மரமும் இல்லை. நூடில்ஸும் கொத்திய பன்றி இறைச்சியும்தான்.

என்னைக் கேட்டால் நண்பகல் இறைச்சி நல்ல பிழை. அபத்தமாக இருப்பதால் கண்ணில் பட்டுவிட்டது. கோழிக்குத் தாரா வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, இரண்டும் இருக்கக்கூடிய உணவுகள். செயலிகள் அக்கம்பக்க எழுத்தைப் பார்த்து மங்கலானதை ஊகித்து நிரப்புவதும் உண்டு. ஊகம் தவறினாலும் வரி அழகாகவே இருக்கும். அதனால் உங்களுக்கு ஆபத்தான வரிகளை மட்டுமாவது கண்ணால் சரிபாருங்கள்: 牛 மாடு, 猪 பன்றி, 虾 இறால். ஒரு துண்டுத் தாளில் இவற்றைப் பெரிதாக எழுதிக்கொண்டால் போதும்.

நளபாகம்:
சைவத்துக்கு 素 என்ற எழுத்தைப் பார்த்தால் போதும் என்று என் மைத்துனர் சொல்வார். அவர் குவாங்சோவில் இருந்தவர்.

அச்சுக்கூடத்தார்:
உதவும்தான். ஆனால் அந்த எழுத்து இல்லாத சைவ உணவுகளும் உண்டு. பெயரில் இல்லாத இறைச்சிச் சாற்றை எந்தப் படமும் காட்டாது. அதை மட்டும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கணக்குப்பிள்ளை:
மூல எழுத்தைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே நாலு எழுத்துகள். சைவக்காரர்களுக்கான வரிகளைத் தனியாகக் குறித்து, அவற்றைப் பற்றி மட்டும் பரிமாறுபவரிடம் கேட்கப்போகிறேன். ஒன்று பாக்கி: மெனுவின் அடியில் சிவப்பு மார்க்கர் பேனையால் கையெழுத்தில் நாலைந்து வரிகள் ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு கிட்டத்தில் எடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வருகிறது.

அச்சுக்கூடத்தார்:
கூட்டெழுத்தாக எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். கோடுகள் இணைந்து ஓடும் எழுத்தைச் செயலி நம்பகமாக வாசிப்பதில்லை. விரலால் சுட்டிக் கேளுங்கள்.

கடலோரம்:
நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கைபேசியின் படத்திருத்தத்தில் நிறத்தை எடுத்துச் சாம்பல் நிறமாக்கிவிட்டுப் பாருங்கள். எனக்குச் சிவப்பு முத்திரை விழுந்த பத்திரங்களில் அது வேலை செய்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
செய்து பார்த்தேன். ஐந்தில் இரண்டு வரிகள் இப்போது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகின்றன. ஆனால் ஒரே மாதிரி வருவதாலேயே சரி என்று சொல்லமுடியுமா?