நிலாவெளி வீதிக் கடைப் பலகை: எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பலகை எழுதுகிற அண்ணாமார் யாராவது சொல்லுங்கள். உப்புவெளிப் பக்கம் தம்பி ஹார்ட்வெயார் கடை திறக்கிறான், பலகை 8 அடிக்கு 3 அடி. 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது பொதுக் கணக்கு. மோட்டார் சைக்கிளில் வருகிறவர் 100 அடியிலேயே வாசிக்க 10 அங்குலம் வேண்டும், ஆனால் மூன்று மொழியும் போட்டால் இடம் எங்கே? கடைப்பெயரை மட்டும் தமிழில் 10 அங்குலத்தில் போட்டு, மற்ற இரண்டையும் 5 அங்குலமாக்கினால் சரியா? ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் தூரத்தில் அடைபடுமே, தமிழுக்கு இன்னும் கூட்ட வேண்டுமா?

அவன் கேட்பது நீலத்தில் சிவப்பு. மாதிரியைப் போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே சாம்பல்! கருநீலத்தில் வெள்ளையா, கறுப்பில் மஞ்சளா, உப்புக்காற்று வெயிலுக்கு எது தாங்கும்?